செக் பவுன்ஸ் ஆனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்?

வீட்டு வாடகைக்கு 20,000 ரூபாய்க்கு செக் கொடுக்கிறீங்க. கணக்கில் இருப்பதோ 19,600 தான். குறைவது வெறும் 400 ரூபாய் என்றாலும் செக் திரும்பிவிடும். இருப்பதை மட்டும் வங்கி கொடுக்காது.

உங்க வங்கியின் அபராதம் 500 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 18% ஜிஎஸ்டி சேர்த்து 590 ரூபாய் உங்க கணக்கிலிருந்தே கழியும். மீதி 19,010. அதே செக்கை மறுபடி போடும்போது 400 போட்டால் போதாது, 990 ரூபாய் வேண்டும். இதை கவனிக்காமல் விட்டால் இரண்டாவது முறையும் பவுன்ஸ் ஆகும், மறுபடியும் 590 போகும்.

தப்பே செய்யாத வீட்டு உரிமையாளருக்கும் செலவு உண்டு. அவரது வங்கி 150 ரூபாய் வசூலித்தால், வரியோடு 177. இதை அவர் உங்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்; உங்க அபராதத்திலிருந்து அவருக்கு ஒரு பைசாவும் போகாது.

தொகை வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் வாடிக்கையாளர் மீது தவறு இருந்தால் மட்டுமே கட்டணம் பிடிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் ரிட்டர்ன் மெமோவில் என்ன காரணம் போட்டிருக்கு என்று முதலில் பாருங்க. வங்கியின் கோளாறு என்றால், பிடித்ததைத் திருப்பிக் கேட்கலாம்.