ஒரே வீடு, பல ஊர்கள்

2020 மார்ச் 25ஆம் திகதி இந்தியா முழுவதும் முடக்கப்பட்டது. ஏப்ரல் 6ஆம் திகதி இரவு சோனி அலைவரிசைகளில் ‘ஃபேமிலி’ என்றொரு குறும்படம் ஒளிபரப்பாயிற்று. ஐந்து நிமிடத்துக்கும் குறைவான கறுப்பு வெள்ளைப் படம். அமிதாப் பச்சனின் கறுப்புக் கண்ணாடி காணாமற் போய்விடுகிறது; வீட்டார் எல்லோரும் தேடுகிறார்கள். கதை அவ்வளவே. ஆனால் அந்த வீட்டார் யார் என்பதில்தான் விசேடம் இருக்கிறது. ரஜினிகாந்த், மம்மூட்டி, மோகன்லால், சிரஞ்சீவி, சிவராஜ்குமார், பிரசன்ஜித், பிரியங்கா சோப்ரா என ஒரு பெரும் பட்டியல். ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் பேசினர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். பிரியங்கா இருந்தது அமெரிக்காவில். இயக்குநர் பிரசூன் பாண்டே எவர் வீட்டுக்கும் போகவில்லை. ஒருவரும் வெளியே செல்லவில்லை என்பதைப் படத்தின் முடிவில் அமிதாப்பே சொல்கிறார். வேலையிழந்த திரைப்படத் தினக்கூலித் தொழிலாளர்களுக்காக எடுக்கப்பட்ட படம் அது.

அடுத்த மாதமே தமிழில் கௌதம் வாசுதேவ் மேனனின் ‘கார்த்திக் டயல் செய்த எண்’ வெளிவந்தது. 2010இல் வந்த ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வின் கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் பத்து ஆண்டுகளின் பின் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் குறும்படம். சிலம்பரசனும் த்ரிஷாவும் தத்தம் வீடுகளில் இருந்தவாறு நடித்தார்கள், பதிவானது கைத்தொலைபேசியில்.

இரண்டும் ஒரே வகைப் படங்கள் போலத் தோன்றும். உண்மையில் நேரெதிரானவை. மேனனின் படம் தூரத்தை மறைக்கவில்லை. தொலைபேசியில் பேசும் இருவர் ஒரே அறையில் இருக்க வேண்டியதில்லை அல்லவா? பாண்டேயின் படமோ தூரத்தை இல்லாமற் செய்ய முயல்கிறது. பல ஊர்களின் அறைகளை அடுக்கி ஒரே வீடாக்குகிறது. நம்மவர்க்குப் பயன்படும் பாடம் இந்த இரண்டாவதில்தான் கூடுதலாக உள்ளது.

இந்த வித்தை நூறு ஆண்டுப் பழமையுடையது. 1920களின் தொடக்கத்தில் மொஸ்கோவில் லெவ் குலெஷொவ் என்ற இயக்குநர் ஒரு பரிசோதனை செய்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நகரின் வெவ்வேறு இடங்களில் நடந்து வருகிறார்கள், சந்தித்துக் கைகுலுக்குகிறார்கள், ஓரிடத்தைச் சுட்டிப் பார்க்கிறார்கள். அங்கே தெரிவது வாஷிங்டன் வெள்ளை மாளிகை! ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு அது. பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே இடமாகத் தெரிந்தது. பார்வை எத்திசையில் போகிறதோ, அடுத்து வரும் காட்சி அத்திசையில் இருப்பதாக மனம் தானே முடிவு செய்துகொள்கிறது. 2020இல் புதிதாக வந்தவை கைத்தொலைபேசியும் இணையமும் மட்டுமே.

இதை வன்னிக்குக் கொண்டு வருவோம். 2002 போர்நிறுத்தத்துக்கு முன்னர், வெளிநாட்டிலுள்ள பிள்ளையோடு ஒரு வார்த்தை பேச வன்னியிலிருந்து பாஸ் எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு வந்தவர்களை அறிவேன். இன்று அதே குடும்பங்களில் தாய் கிளிநொச்சியில், மகள் லண்டனில், மகன் ரொறன்ரோவில். இவர்கள் மூவரும் ஒரு மாலைப் பொழுதில் ஒரே வீட்டில் இருப்பதாக ஒரு குறும்படம் எடுப்பதானால் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில், இல்லாத அந்த வீட்டின் வரைபடம் ஒன்றை இயக்குநர் தாளில் வரைய வேண்டும். தாய் எங்கே இருக்கிறார், மகன் எந்தக் கதவால் வருகிறான், யன்னல் எப்பக்கம் என்பன அதில் இருக்கும். தாய் கமராவின் வலப்புறம் பார்த்துப் பேசினால் மகன் இடப்புறம் பார்த்து மறுமொழி சொல்ல வேண்டும். தாய் கதிரையில் இருந்து அண்ணாந்தால் மகனின் பார்வை கீழ்நோக்கி வரவேண்டும். பார்க்க வேண்டிய இடத்தில் சுவரில் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டால் போதும். இங்கே ஒரு பொறி உண்டு. முன்பக்கக் கமரா திரையில் காட்டுவது கண்ணாடிப் பிம்பம். சில தொலைபேசிகள் அதை அப்படியே புரட்டிப் பதிந்தும் வைக்கும். அப்போது இடம் வலமாகிவிடும். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு பத்திரிகையைப் பிடித்துக் காட்டிச் சில விநாடி பதிந்து அனுப்பட்டும். எழுத்து தலைமாறித் தெரிந்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். ‘இடம்’, ‘வலம்’ என்று சொல்லாமல் ‘யன்னல் பக்கம்’, ‘கதவுப் பக்கம்’ என்று சொல்வது இன்னும் நல்லது.

அடுத்தது ஒளி. கிளிநொச்சியில் மாலை ஐந்து மணி என்றால், மார்கழியில் லண்டனில் முற்பகல் பதினொன்றரை. ரொறன்ரோவில் விடியாத காலை ஆறரை. யன்னலில் ஒரே வெயில் விழாது. எனவே யன்னலை மூடி மின்குமிழை ஏற்ற வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இலங்கையிலும் பிரித்தானியாவிலும் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்று, கனடாவில் அறுபது. சில குமிழ்கள் அந்தத் தாளத்துக்கு ஏற்பத் துடிப்பதை வெறுங்கண் காணாது, கமரா காணும். படத்தில் மெல்லிய பட்டைகள் ஓடும். கமராவின் மூடுவேகத்தைக் கிளிநொச்சியிலும் லண்டனிலும் ஐம்பதில் ஒரு விநாடியாகவும், ரொறன்ரோவில் அறுபதில் ஒரு விநாடியாகவும் வைத்தால் அது மறையும். எஞ்சுவது நிற வேறுபாடு. ஒரு வீட்டில் மஞ்சள் ஒளி, இன்னொன்றில் நீல ஒளி. ‘ஃபேமிலி’ போலக் கறுப்பு வெள்ளையாக்கினால், அந்த வேறுபாடு ஒரே அடியில் மறைந்துவிடும்.

மூன்றாவது ஒலி. ஒட்டுப்போட்டதைக் கண்ணை விடக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். தாயின் அறையில் தூரத்துக் காகமும், மகனின் அறையில் வெப்பமூட்டியின் இரைச்சலும் மாறி மாறிக் கேட்டால் வீடு உடைந்துபோகும். ஆகவே மின்விசிறியையும் வெப்பமூட்டியையும் நிறுத்திவிட்டு வசனத்தைப் பதிய வேண்டும். பிறகு கிளிநொச்சி வீட்டில் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் அந்த அறையின் அமைதியை மட்டும் பதிந்து, படம் முழுவதற்கும் அடியில் விரிக்க வேண்டும். மகன் பேசும்போதும் அதே காகம் கேட்கும். அவன் அந்த வீட்டுக்குள் வந்துவிடுவான்.

நடைமுறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தொலைபேசி தேவை. ஒன்று பதிவதற்கு, மற்றது இயக்குநர் அழைப்பில் இருந்து பார்ப்பதற்கு. பதிந்ததை வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கித் தரம் குன்றும். ஆவணமாக அனுப்பினால் தரம் மாறாது.

இத்தனையும் செய்தாலும் ஒன்றைச் செய்ய முடியாது. இருவரை ஒரே சட்டத்துக்குள் நிறுத்த முடியாது. ஒருவரை ஒருவர் தொடவும் முடியாது. குலெஷொவின் பரிசோதனையில், கைகுலுக்கும் அண்மைக்காட்சியில் இருந்தவை அந்த நடிகர்களின் கைகள் அல்ல. அவர்களின் உடையை அணிந்த வேறு இருவரின் கைகள். நம் குறும்படத்திலும் தாய் மகனுக்குச் சோறு போட வேண்டுமானால் அதுவே வழி. மகனின் சட்டையை ஒத்த ஒரு சட்டையை அயல்வீட்டுப் பையனுக்குப் போட்டு, அவன் கையையும் கோப்பையையும் மட்டும் கிட்டத்தில் எடுக்க வேண்டும். அடுத்த காட்சியில் ரொறன்ரோவில் மகன் கோப்பையைக் குனிந்து பார்ப்பான். பார்ப்பவர்களுக்குத் தாய் மகனுக்குத்தான் பரிமாறினாள். அந்தச் சோற்றைத் தின்றவன் அயல்வீட்டுப் பையன் என்பது அந்தத் தாய்க்கு மட்டும் தெரியும்.