முடக்குவாதமும் மூட்டுக் காப்பும்: சமையலறை

முடக்குவாதத்தில் விரலடி மூட்டுகளின் உறை வீங்கித் தளர்வதால், விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயக்கூடும். இறுக்கிப் பிடிப்பதும் முறுக்குவதும் அந்த மூட்டுகளை மேலும் வருத்தும். எனவே சுமையைப் பெரிய மூட்டுகளுக்கு மாற்றுவதே முதல் விதி.

சோறு வடிக்க நிறைபானையைக் கவிழ்த்தால் எடை முழுவதும் விரல்களிலும் மணிக்கட்டிலும் இறங்கும். பானையை அடுப்பிலேயே விட்டு, கண்கரண்டியால் சோற்றைச் சிறிது சிறிதாக அரித்தெடுக்கலாம். அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் வேகவிட்டால் வடிக்கவே வேண்டாம். ஈரத்துணியை முறுக்காமல் உள்ளங்கையால் தொட்டிச் சுவரோடு அழுத்திப் பிழியலாம். காயை நாற்காலியில் அமர்ந்து நறுக்கி, களைப்பு வருமுன்பே இடைநிறுத்த வேண்டும்.

வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் வலி நீடித்தால் செய்தது அதிகம். மறுமுறை குறைக்க வேண்டும். இம்முறைகள் வலியைத் தணிக்கும், நோயைத் தடுக்கா; மருந்தை நிறுத்தலாகாது.