வருகைப் பதிவேட்டுப் படத்தைப் படியெடுத்தல்

கையால் எழுதிய வருகைப் பதிவேட்டின் ஒளிப்படத்தைப் பார்த்து, அதிலுள்ள பெயர்களையும் குறிகளையும் அட்டவணையாகத் தட்டச்சு செய்யும் வேலை இது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பழைய பதிவேடுகளில் இடப்பக்கம் வரிசை எண்ணும் பெயரும், மேலே 1 முதல் 31 வரை தேதிகளும் இருக்கும். பல ஆசிரியர்கள் காலையில் வந்தவருக்கு / என ஒரு சாய்கோடும், பிற்பகலில் அதன் குறுக்கே \ என இன்னொரு கோடும் போடுவார்கள். ஆகவே பெருக்கல் குறி போலத் தெரிவது உண்மையில் இரண்டு தனிப் பதிவுகள். அதை ஒரே குறியாக எழுதினால் அரைநாள் வருகை மறைந்துவிடும். ஒரு கட்டத்துக்கு முற்பகல், பிற்பகல் என இரண்டு இடம் ஒதுக்க வேண்டும்.

வராதவருக்கு ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஏ’ இடுவது வழக்கம். வெற்றுக் கட்டம் அதற்குச் சமமல்ல. மாதத்தின் நடுவில் சேர்ந்த மாணவராக இருக்கலாம், ஆசிரியர் குறிக்க மறந்திருக்கலாம். அதை வெற்றாகவே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் கிழமையின் பெயரைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக மேலிருந்து கீழே எழுதுவதுண்டு. அந்த எழுத்துகளை மாணவர்களின் குறிகளாகக் கொள்ளக் கூடாது.

விரித்த ஏட்டைப் படமெடுக்கும்போது தையல் பக்கம் வளைவதால், வலப்புறம் போகப் போக வரி நழுவும். எனவே வரி வரியாகப் படிப்பதைவிட ஒவ்வொரு தேதியாக மேலிருந்து கீழே படித்து, கடைசிக் கட்டம் கடைசிப் பெயருக்கு நேராக முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.

பிழை பிடிக்கும் கருவி ஏட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாளின் கீழும் வந்தோர் தொகையும், ஒவ்வொரு பெயரின் வலக்கோடியில் மாதத் தொகையும் இருக்கும். ஒரு மாதிரிப் பக்கத்தைக் கொள்வோம். 14ஆம் தேதி பிற்பகலுக்கு ஏடு 28 என்கிறது. படியில் 29 வருகிறது. 17ஆம் எண்ணுக்கு ஏடு 20½ நாள் என்கிறது, படியில் 21. இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் சந்தேகத்துக்குரியது.

படத்தைப் பெரிதாக்கினால் அங்கே / அழுத்தமாகவும், \ வெளிறி விளிம்பு கலங்கியும் தெரிகிறது. அது மறுபக்கத்து மை ஊறித் தெரிவது. பின்னாலுள்ள / முன்பக்கத்தில் திசை மாறி \ ஆகத் தோன்றும். அதே நிறக் கறைகள் விடுமுறைப் பத்தியிலும் இருந்தால் ஐயம் தீரும். இந்த ஏட்டில் பிற்பகல் வராதவருக்குக் காலைக் கோட்டை மட்டும் விட்டுவிடும் வழக்கம் இருப்பதால் பிற்பகல் இடம் காலியாகிறது:

```
எண்,நாள்,முற்பகல்,பிற்பகல்
17,14,/,
```

நாள்தொகைகள் மட்டும் ஒத்துப்போனாலே படி சரி என்று சொல்ல முடியாது. ஒரே நாளில் இரண்டு பெயர்களின் குறிகள் இடம் மாறினால் நாள்தொகை மாறாது; பெயர்வரித் தொகைதான் காட்டிக்கொடுக்கும். ஆசிரியரே தவறாகக் கூட்டியிருப்பதும் உண்டு. அப்போது கட்டங்களில் உள்ளதை உள்ளபடி விட்டு, ஏட்டின் தொகையையும் படியில் வந்த தொகையையும் தனித்தனிப் பத்திகளில் அருகருகே பதிய வேண்டும். தொகைக்கு ஒத்துவரும்படி குறியைத் திருத்துவது இந்த வேலையில் செய்யவே கூடாதது.