பழைய படத்துக்குள் புதிய முகம்: 'ஸெலிக்' காட்டிய வழி

கல்யாண நாள், சஷ்டியப்தபூர்த்தி என்று வந்துவிட்டால் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் ஒரு படம் தவறாமல் வருகிறது. நேற்று எடுத்த முகம், கறுப்பு வெள்ளைக் காலத்துச் சினிமாக் காட்சி ஒன்றில் நிற்கும். ரசிக்கிறோம். ஆனால் அது ஒட்டவைத்தது என்பது பார்த்த உடனேயே தெரிந்துவிடுகிறது. எதனால் தெரிகிறது என்பதற்கு, கணினி உதவி இல்லாமலே விடை கண்ட படம் ஒன்று உண்டு.

1983இல் வெளிவந்த அமெரிக்கப் படம் 'ஸெலிக்'. இயக்கி நடித்தவர் வுடி ஆலன். யாருடன் சேர்ந்தாலும் அவரைப் போலவே மாறிவிடும் ஒரு கற்பனை மனிதரின் கதையை 1920, 30களின் செய்திப்படம் போலவே சொல்லியிருப்பார்கள். அமெரிக்க அதிபர்கள் கூலிட்ஜுக்கும் ஹூவருக்கும் நடுவே அந்த மனிதர் நிற்பார். ஹிட்லர் பேசும் மேடையிலும் இருப்பார்.

ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ், 'காட்ஃபாதர்' எடுத்தவர். புதிதாக எடுத்துவிட்டுப் பிறகு பழசாக்கலாம் என்று அவர் இருக்கவில்லை. 1920களின் லென்சுகளையும் கேமராக்களையும் தேடிப்பிடித்து அவற்றைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்து லென்சுகளில் ஒளி எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு கிடையாது. அதனால் வெளிச்சமான இடங்கள் சற்றே கசியும். கறுப்பு முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பல் தட்டும். கீறல் வேண்டும் என்பதற்காக நெகட்டிவைக் குளியலறை ஷவரில் போட்டு மிதித்ததாகவும் சொல்வார்கள்.

ஆனால் கீறலைவிட முக்கியமானது, படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள். ஆங்கிலத்தில் கிரெயின் என்பார்கள். ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புத் துகள்களால் வருவது இது. பழைய செய்திப்படம் நம் கைக்கு வருவதற்குள் பிரதிக்குப் பிரதி எடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிரதியிலும் இந்தப் புள்ளிகள் கூடும், நுண்ணிய விவரங்கள் குறையும். நம் செல்போன் முகத்தில் இவை எதுவும் கிடையாது. அதனால்தான் அது சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி துருத்தி நிற்கிறது.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் முகத்தைக் காட்சிக்கேற்ற அளவுக்குச் சிறிதாக்குங்கள். பிறகு அதன் கூர்மையைப் பின்னணியின் அளவுக்குக் குறையுங்கள். புள்ளிகளைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்துவிட்டு அளவை மாற்றினால் புள்ளியும் சிறுத்துவிடும். சரிபார்க்கவும் எளிய வழி இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக் கன்னத்தையும், பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தையும் ஒப்பிடுங்கள். புள்ளியின் அளவும் அழுத்தமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது நிறம். கறுப்பு வெள்ளைதானே, நிறத்தை எடுத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. 1920களின் நடுப்பகுதி வரை பரவலாக இருந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நீலம் வெளுத்துவிடும், சிவப்பு கறுத்துவிடும். அந்த ஃபிலிமில் குங்குமப் பொட்டு கறுப்பாகத்தான் விழும். அரக்குப் புடவை கரிய புடவையாகிவிடும். உதடும் கறுக்கும், முகத்திலுள்ள மருவும் தழும்பும் எடுப்பாகத் தெரியும். ஆகவே அந்தக் காலக் காட்சியில் நிற்பதானால், கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பின் பங்கை நன்றாகக் குறைக்க வேண்டும். பிற்காலக் காட்சிக்கு இது பொருந்தாது. சிவப்பையும் உணரும் ஃபிலிம் வந்தபின் உதடும் முகமும் இயல்பாக விழுந்தன.

உடையில் நிறத்தைவிடத் துணியும் தையலும்தான் காட்டிக்கொடுக்கும். பாலியஸ்டர் கலந்த சட்டை பளபளக்கும். அன்றைய கம்பளியும் பருத்தியும் ஒளியை வாங்கிக்கொள்ளும். கால்சட்டை இடுப்புக்கு மேலே, தொப்புள் வரை ஏறியிருக்கும். 'ஸெலிக்'கின் உடைகளை அமைத்த சான்டோ லோக்வாஸ்டோவும் ஒளிப்பதிவு செய்த வில்லிஸும் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

பதினொரு ஆண்டுக்குப் பின், 1994இல், 'ஃபாரஸ்ட் கம்ப்' படம் இதே வேலையைக் கணினியில் செய்தது. டாம் ஹாங்க்ஸ், மறைந்த அதிபர் கென்னடியுடன் கை குலுக்கினார். இம்முறை முகம் சேர்த்ததோடு நிற்கவில்லை. கென்னடியின் வாயசைவையே மாற்றி, அவர் பேசாத பேச்சைப் பேச வைத்தார்கள்.

தியேட்டரில் உட்கார்ந்தவருக்கு அது கதை என்று தெரியும். குடும்ப ஆல்பத்துக்குள் போய்விட்ட படத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. புள்ளியும் நிறமும் உடையும் சரியாக அமைந்துவிட்டால், முப்பது வருடம் கழித்துப் பார்க்கும் பேத்திக்கு அது தாத்தாவின் உண்மைப் படம்தான். எனவே படத்தின் ஓரத்திலேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில், 'சேர்த்து உருவாக்கியது' என்றும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். நம் மடலுக்கு அனுப்பும் படங்களுக்கும் அப்படியே செய்யுங்கள். மூலப் படத்தை அழிக்காமல் தனியே வைத்திருங்கள்.