பகுதிப் பணத்திருப்பம்

தொகுப்புத் தள்ளுபடியில் வாங்கியவற்றில் ஒன்றை மட்டும் திருப்பித் தரும்போது கிடைக்கும் தொகை. விலைப்பட்டியலில் உள்ள விலை அப்படியே திரும்பாது என்பதுதான் பலருக்கும் வரும் முதல் ஏமாற்றம்.

ஷா ஆலமில் ஒரு குடும்பம் தீபாவளிக்கு இணையத்தில் 120 ரிங்கிட் சேலை, 60 ரிங்கிட் வேட்டி, 20 ரிங்கிட் விளக்கு வாங்குவதாகக் கொள்வோம். 180 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கினால் 30 ரிங்கிட் தள்ளுபடி. ஆக, கட்டியது 170. வேட்டி திரும்பிப் போகிறது.

விகித முறையில் தள்ளுபடி ஒவ்வொரு பொருளின் விலைக்கேற்பப் பிரிகிறது. இங்கே அது 15 விழுக்காடு. வேட்டியின் பங்கு 9 ரிங்கிட், திரும்புவது 51. மறுகணக்கு முறையில் கடை வேறுவிதமாகப் பார்க்கும்: மீந்த பொருள்கள் 140 ரிங்கிட்தான், தள்ளுபடிக்கான வரம்பை எட்டவில்லை, எனவே 170-இல் 140 கழித்து 30 மட்டுமே தரும். ஒரே வேட்டிக்கு 21 ரிங்கிட் வேறுபாடு! எந்த முறை என்பது விற்பனை விதிமுறையில் இருக்கும். வாங்கும் முன் அதைப் படிப்பவர் குறைவு.

மனம் மாறித் திருப்பினால் மறுகணக்கை ஓரளவு ஏற்கலாம். வேட்டி கிழிந்து வந்திருந்தால் அது நியாயமாகாது. 1999-ஆம் ஆண்டு மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாட்டுக்காக முறையாக நிராகரித்த பொருளுக்குச் செலுத்திய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கடை மறுத்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம்.