பேருந்து நிறுத்தப் பெயர்களும் வழித்தட எண்களும்

பேருந்து வழித்தடத்துக்கு எண் இடுவது நிர்வாகத்தின் வேலை. நிறுத்தத்துக்குப் பெயர் இடுவது பெரும்பாலும் பயணிகளின் வேலை. ராணிப்பேட்டையின் முதன்மையான நிறுத்தம் முத்துக்கடை. ஆற்காட்டில் ஏறுபவர் "ராணிப்பேட்டை ஒன்று" என்று கேட்பதைவிட "முத்துக்கடை ஒன்று" என்று கேட்பதே வழக்கம். நடத்துநரும் அப்படித்தான் குரல் கொடுப்பார். எண் கண்ணுக்கு உரியது. பெயர் காதுக்கும் வாய்க்கும் உரியது. எழுத்தறியாதவர்களும் நூறு நிறுத்தங்களை வரிசை பிசகாமல் சொல்வதற்கு இதுவே காரணம்.

பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? கண்ணில் படும் ஏதோ ஒன்றிலிருந்துதான். கடை, சத்திரம், ஆலமரம், கோயில், திரையரங்கு, தொழிற்சாலை என எதுவும் பெயராகலாம். ராணிப்பேட்டையில் சிப்காட், பெல் என்ற இரண்டும் ஆங்கில நிறுவனப் பெயர்களின் முதலெழுத்துகளே. இன்று அவற்றின் விரிவைச் சொல்லத் தெரியாதவர்களும் அங்கே இறங்குகிறார்கள். கிளைச்சாலை பிரியும் இடத்துக்கு வட மாவட்டங்களில் கூட்டுரோடு என்று பெயர். கொங்கு நாட்டில் அதுவே பிரிவு, மதுரைக்குத் தெற்கே விலக்கு. சோழ நாட்டுப் பகுதிகளில் கைகாட்டி என்றும் கேட்கலாம். அங்கே நின்ற வழிகாட்டிக் கம்பத்தின் பெயர் இடத்துக்கு ஆகிவந்திருக்கிறது. ஒருவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதைக் கொண்டே அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மக்கள் இட்ட பெயர் அரசுப் பதிவுக்குள் நுழையும் வாசல் கட்டண நிலைப் பட்டியல். அதை நாம் 'ஸ்டேஜ்' என்கிறோம். கட்டணம் நிலைக்கு நிலை கணக்கிடப்படுவதால், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. வழக்கில் உள்ள பெயரே அங்கு எழுதப்படுகிறது. எழுதியபின் அந்தப் பெயர் எளிதில் போகாது. அதற்குக் காரணமான பொருள் அழிந்தாலும் பெயர் நிற்கும். சென்னையில் 1973இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் அண்ணா மேம்பாலம். அருகில் இருந்த ஜெமினி ஸ்டூடியோ மறைந்து பல ஆண்டுகள் ஆகியும், பேருந்தில் அது ஜெமினிதான்.

ஆனால் பெயருக்கு ஒரு குறை உண்டு. அதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலியின் பட்டப்பெயர் வாலாஜா. அவர் பெயரால் ராணிப்பேட்டையை அடுத்து வாலாஜாபேட்டை அமைந்தது. காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே வாலாஜாபாத் அமைந்தது. சென்னைச் சேப்பாக்கத்தில் வாலாஜா சாலை இருக்கிறது. இங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரோ வாலாஜா ரோடு. பேச்சில் எல்லாம் 'வாலாஜா' என்று சுருங்கும்போதுதான் சிக்கல். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் வெளியூர்க்காரர் "வாலாஜா போகுமா?" என்று கேட்டால், மேற்கே போகும் வண்டிக்கும் கிழக்கே போகும் வண்டிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். 'பேட்டை', 'பாத்' என்ற ஈற்றுச் சொற்கள் அலங்காரம் அல்ல. திசையைச் சொல்பவை அவையே. புதிய நிறுத்தத்துக்குப் பெயர் வைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது, அதே வழியில் காதுக்கு ஒத்து ஒலிக்கும் வேறு பெயர் இருக்கிறதா என்பதைத்தான்.

நிறுத்தத்தை விட்டு வழித்தடத்துக்கு வந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர் நகரில் 1994இல் ஒரு பேருந்துத் தடத்துக்கு எண்ணை விட்டுவிட்டு 'ஹாப்' என்று பெயர் வைத்தார்கள். துள்ளல் என்று பொருள். பின்னர் 'ஸ்கிப்', 'ஜம்ப்' என்று அதே இனத்துப் பெயர்கள் சேர்ந்தன. ஹாப் நகர மையத்தையும் பல்கலைக்கழகத்தையும் கடைவீதியையும் இணைத்துச் சுற்றிவரும் தடம், அடிக்கடி வரும். பாதை ஒன்றே என்பதால் பெயர் ஒன்று போதுமானதாயிற்று.

நம் நகரங்களில் ஒரு தடம் பல கிளை விடும். சென்னையில் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29சி என்பதில், 29 மூலத் தடத்தைக் குறிக்கிறது. சி என்பது அதன் ஒரு வேறுபாடு. பாதி வழியில் திரும்பும் வண்டிக்குக் 'கட்' என்ற ஒட்டு உண்டு; நீட்டித்துச் செல்லும் வண்டிக்கும் தனி ஒட்டு உண்டு. இத்தனையையும் ஒரே பெயரில் அடக்க முயன்றால், வாலாஜாவுக்கு நேர்ந்ததே நேரும். ஆகவே கிளையில்லாத, ஊரைச் சுற்றிவரும் குறுந்தடங்களுக்கே பெயர் பொருந்தும். ஆற்காடு, முத்துக்கடை, வாலாஜாபேட்டை என்று ஒன்றையொன்று ஒட்டிய ஊர்களுக்குள் மட்டும் ஓடும் வண்டி அத்தகையது. கிளை பிரியும் நீண்ட தடங்களில் எண் இருக்கட்டும். பலகையில் எண்ணுக்குக் கீழே 'வழி' என்று போட்டு எழுதும் இரண்டு நிறுத்தப் பெயர்களே பயணிக்குப் போதும்.