உள்மார்புத் தமனிக் கட்டு: ஓர் அறுவைச் சிகிச்சையைச் சோதித்த கட்டுப்பாட்டுக் குழு

1950களின் இறுதியில், இதயத்துக்குப் போதிய இரத்தம் செல்லாததால் உண்டாகும் மார்பு வலிக்கு (ஆஞ்சைனா) ஓர் எளிய அறுவைச் சிகிச்சை புகழ்பெற்றிருந்தது. மார்பெலும்பின் இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் உள்மார்புத் தமனிகள் இரண்டையும் நூலால் கட்டி அடைப்பதே அந்தச் சிகிச்சை. உடலின் அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, விலா எலும்புகளுக்கு இடையே இரண்டு சிறிய கீறல்கள் போட்டால் போதும். மார்புக்கூட்டைத் திறக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளிலேயே இது கைவிடப்பட்டது. அதைக் கைவிடச் செய்தவை இரண்டு சிறிய ஆய்வுகள். மருந்துப்போலி விளைவு பற்றி எழுதுவோர் இன்றும் அவற்றை எடுத்துக்காட்டுகின்றனர்.

இந்த யோசனை இத்தாலியில் பிறந்தது. உள்மார்புத் தமனியிலிருந்து பிரியும் ஒரு கிளை, இதயத்தைச் சூழ்ந்த உறைக்கு இரத்தம் கொண்டு செல்கிறது. அந்தக் கிளை பிரியும் இடத்துக்குக் கீழே தமனியைக் கட்டிவிட்டால், தடைபட்ட இரத்தம் கிளை வழியே திரும்பி, நுண்ணிய இணைப்புகள் மூலம் இதயத் தசையைச் சென்றடையும் என்று கருதப்பட்டது. வாய்க்காலை அடைத்து நீரைப் பக்கத்து மடைக்குத் திருப்புவது போன்ற எண்ணம் இது. ஃபியெஸ்கி என்ற அறுவை மருத்துவர் 1939இல் இதைச் செய்துபார்த்தார். 1950களில் வேறு சில இத்தாலிய மருத்துவர்கள் இதை மீண்டும் கையிலெடுத்தனர். அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்றது. சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்ததாகவே கூறினர். 1957இல் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் இதுபற்றிய கட்டுரை வெளிவந்ததும் பொதுமக்களிடமும் எதிர்பார்ப்பு பரவியது.

இந்த மருத்துவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. நோயாளிகள் உண்மையாகவே நலம் பெற்றதாக உணர்ந்தனர். மருத்துவர்கள் அதை உள்ளபடியே பதிவு செய்தனர். ஆனால் அந்த அறிக்கைகளில் ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லை. தமனியைக் கட்டாமல் விட்டிருந்தால் அதே நோயாளிகள் எப்படி இருந்திருப்பார்கள் என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது.

இந்த விடையைத் தேடி, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லெனார்ட் காப் என்ற இதய மருத்துவரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 1959இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. ஆய்வில் 17 நோயாளிகள் இருந்தனர். அனைவருக்கும் மார்பில் கீறல் போடப்பட்டு, இரு தமனிகளும் வெளியே தெரியும்படி பிரித்தெடுக்கப்பட்டன. அந்தக் கட்டத்தில்தான் அறுவை மருத்துவரிடம் ஓர் உறை கொடுக்கப்பட்டது. தமனியைக் கட்ட வேண்டுமா, கட்டாமலே தையல் போட வேண்டுமா என்பது உள்ளே இருந்த அட்டையில் எழுதப்பட்டிருந்தது. யாருக்கு எந்த அட்டை என்பதைக் குலுக்கல்போலத் தற்செயலே தீர்மானித்தது. இவ்வாறு எட்டுப் பேருக்குத் தமனி கட்டப்பட்டது. ஒன்பது பேருக்குக் கட்டப்படவில்லை. இந்த ஒன்பது பேரே கட்டுப்பாட்டுக் குழுவினர். தமக்கு எது செய்யப்பட்டது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. பின்னர் அவர்களைப் பரிசோதித்த மருத்துவர்களுக்கும் தெரியாது. இதுவே இருபக்க மறைப்பு எனப்படுகிறது.

உறையை முன்கூட்டியே திறக்காததற்குக் காரணம் உண்டு. தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால், உண்மையான சிகிச்சை பெறுபவரிடம் மருத்துவர் சற்றே நம்பிக்கையாகப் பேசியிருக்கக்கூடும். அல்லது நோய் முற்றிய ஒருவரைத் தம்மையறியாமல் ஒரு குழுவிலிருந்து விலக்கியிருக்கக்கூடும். கீறல் போட்டு முடியும்வரை இரு குழுவினருக்கும் எல்லாமே ஒன்றாக இருந்தன. வேறுபாடு நூல் மட்டுமே.

முதல் ஆறு மாதங்களில், தமனி கட்டப்பட்ட எட்டுப் பேரில் ஐந்து பேர் குறிப்பிடத்தக்க அளவு நலம் பெற்றதாகக் கூறினர். கட்டப்படாத ஒன்பது பேரிலும் ஐந்து பேர் அவ்வாறே கூறினர். வலி வரும்போது உட்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரையின் தேவையும் இரு குழுக்களிலும் குறைந்தது. முதல் எட்டுப் பேரை மட்டும் பார்த்திருந்தால், பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பயன் தந்த சிகிச்சை என்றே எழுதியிருப்பார்கள். முந்தைய அறிக்கைகளில் நடந்தது அதுதான். அடுத்த ஆண்டு, கிரே டைமண்ட் தலைமையில் கான்சாஸில் 18 பேரிடம் நடந்த இதேபோன்ற ஆய்வில், கட்டப்படாத ஐந்து பேருமே நலம் பெற்றதாகத் தெரிவித்தனர்.

இவை மிகச் சிறிய ஆய்வுகள். 17 பேரை வைத்து ஒரு சிகிச்சைக்குச் சிறிதளவும் பயன் இல்லை என்று நிறுவ முடியாது. ஆனால் இந்தச் சிகிச்சைக்காகக் கூறப்பட்ட பயன் சிறியதன்று, மிகப் பெரியது. அவ்வளவு பெரிய பயன் உண்மையாக இருந்திருந்தால், இந்தச் சிறு எண்ணிக்கையிலும் அதன் சாயல் தென்பட்டிருக்கும்.

கட்டப்படாதவர்கள் ஏன் நலம் பெற்றனர்? மருந்துப்போலி விளைவு என்று ஒரே சொல்லில் பதில் கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. மார்பு வலி ஏறியும் இறங்கியும் வரும் நோய். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறார். அதன்பின் எதுவும் செய்யாவிட்டாலும் வலி ஓரளவு தணிவதே இயல்பு. இதைப் புள்ளியியலில் சராசரியை நோக்கிய திரும்பல் என்பர். சிகிச்சைக்குப் பின் கிடைக்கும் ஓய்வும் கூடுதல் கவனிப்பும் தம் பங்கைச் செய்கின்றன. அக்கறையோடு கேட்கும் மருத்துவரிடம் "பரவாயில்லை" என்று சொல்லும் பண்பையும் விட்டுவிட முடியாது. இவற்றோடு, சிகிச்சை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையால் வலியே குறைவதும் சேர்கிறது. இந்தக் கடைசி ஒன்றுதான் கண்டிப்பான பொருளில் மருந்துப்போலி விளைவு.

கட்டுப்பாட்டுக் குழு இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. எல்லாம் இரு குழுக்களிலும் சமமாக இருக்கும்படி செய்து, எஞ்சும் வேறுபாட்டை மட்டும் சிகிச்சையின் கணக்கில் எழுதுகிறது. மருந்துப்போலி விளைவைத் தனியே அளக்க வேண்டுமானால், எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது குழு தேவை. அத்தகைய குழு இருந்த 100க்கும் மேற்பட்ட ஆய்வுகளை டென்மார்க்கைச் சேர்ந்த ஹ்ரோப்ஜார்ட்சன், கோட்சே ஆகிய இருவரும் தொகுத்து 2001இல் வெளியிட்டனர். வலி போன்ற, நோயாளியே உணர்ந்து சொல்லும் குறிகளில் மருந்துப்போலிக்குச் சிறிய பயன் தெரிந்தது. கருவியால் அளக்கக்கூடிய குறிகளில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. மருந்துப்போலியின் ஆற்றலைப் பெரிதாகப் பேசிய முந்தைய எழுத்துகள் பல, கட்டுப்பாட்டுக் குழுவில் கண்ட முன்னேற்றம் முழுவதையும் அதன் கணக்கிலேயே சேர்த்திருந்தன.

சியாட்டில் ஆய்வில் ஒரு குறையும் உண்டு, அது சிறியதன்று. சிகிச்சையை மதிப்பிடும் ஆய்வில் பங்கேற்கிறோம் என்பது மட்டுமே நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டது. தமனி கட்டப்படாமலே போகலாம் என்பது சொல்லப்படவில்லை. பயனில்லாத கீறலை ஒருவருக்குத் தெரியாமல் போடுவது இன்றைய நெறிமுறைப்படி ஏற்கத்தக்கதன்று. ஆனால் எவ்விதச் சோதனையும் இல்லாமல் அதே கீறலை ஏராளமானோருக்குப் போட்டுவந்ததை அன்று யாரும் நெறிமுறைச் சிக்கலாகக் கருதவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் அதே கேள்வி ஸ்டென்ட் சிகிச்சையை நோக்கி எழுப்பப்பட்டது. 2017இல் வெளிவந்த ஆர்பிட்டா ஆய்வில் 200 நோயாளிகள், போலிச் சிகிச்சை கிடைக்கலாம் என்பதை அறிந்தே ஒப்புதல் அளித்தனர். மயக்க மருந்தும் காதொலிப்பானும் தரப்பட்டு, ஒரு பாதியினருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது, மறுபாதியினருக்கு வைக்கப்படவில்லை. தேவையான மருந்துகள் அனைத்தையும் உட்கொண்டுவந்த இவர்களிடம், ஆறு வாரங்களுக்குப் பின் உடற்பயிற்சி நேரத்தில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. 2023இல் அதே குழுவினர், மார்பு வலிக்கான மருந்துகளை நிறுத்தியிருந்த 301 பேரிடம் மீண்டும் சோதித்தனர். இம்முறை ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களுக்குப் போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட வலி தெளிவாகக் குறைந்திருந்தது.

உள்மார்புத் தமனியும் மருத்துவத்திலிருந்து மறைந்துவிடவில்லை. அதைக் கட்டி அடைப்பதற்குப் பதிலாக, அதன் கீழ்முனையை வெட்டி, அடைப்புள்ள இதயத் தமனியில் நேரடியாக இணைக்கும் முறை பின்னர் வந்தது. இன்றைய பைபாஸ் அறுவைச் சிகிச்சையில் நெடுங்காலம் அடைபடாமல் நீடிக்கும் இணைப்பு அதுவே.